நீங்க மட்டும் என்ன யோக்கியம்?

"என்னைக் கேட்க உங்களுக்கு என்ன யோக்கியதை இருக்கு?" என்று ஒருவர் திருப்பிக் கேட்டதும் பல வாக்குவாதங்கள் அங்கேயே நின்றுவிடும். குறை சொன்னவர் வாயடைத்துப் போவார், குறை சொல்லப்பட்டவர் தப்பித்துவிடுவார். முதலில் எழுந்த விஷயம் என்ன ஆனது என்று யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. இந்த யோக்கியதை என்பது என்ன? சொன்னபடி நடக்காதவரிடமிருந்து அது எப்போது போகிறது? அது போகும்போது கூடவே வேறு எதெல்லாம் போகிறது? அறவியல் படித்தவர்கள் இந்தக் கேள்விகளைக் கடந்த இருபது ஆண்டுகளில் நன்றாகவே அலசியிருக்கிறார்கள். அவர்கள் கண்டதை நம் ஊர் உதாரணம் ஒன்றை வைத்துப் பார்க்கலாம்.

ஒரு கற்பனை நிகழ்வு. சிங்கப்பூரில் ஏப்ரல் மாதம், தமிழ் மொழி விழாவையொட்டி ஒரு சமூக மன்றத்தில் நிகழ்ச்சி. ஏற்பாட்டாளர்களில் ஒருவர் சண்முகம், வயது அறுபத்தைந்துக்கு மேல். தொடக்கநிலை மூன்றில் படிக்கும் மகளோடு வந்திருக்கிறார் கலைவாணி. தாயும் மகளும் ஆங்கிலத்தில் பேசுவது சண்முகம் காதில் விழுகிறது. நாலு பேர் முன்னால் சொல்கிறார்: "என்னம்மா இது? வீட்டுல பேசலன்னா தமிழ் எப்படிம்மா நிக்கும்? பிள்ளைகிட்ட பெத்தவங்கதான் தமிழ்ல பேசணும். வெட்கமா இல்லையா?" கலைவாணி எதுவும் சொல்லவில்லை. அடுத்த வாரம் தேக்கா சந்தையில் சண்முகத்தைப் பார்க்கிறார். பேரனைக் கையில் பிடித்தபடி, "கம், பாய், டோண்ட் ரன் லா" என்று முழுக்க முழுக்க ஆங்கிலத்திலேயே பேசிக்கொண்டிருக்கிறார். கலைவாணி நேராகப் போய்க் கேட்கிறார்: "அங்கிள், நீங்க மட்டும்?"

கலைவாணியின் கேள்வி நியாயமானது என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் அது சண்முகம் சொன்னதில் எந்தப் பகுதியைத் தாக்குகிறது என்று பார்க்க வேண்டும். அவர் ஒரே மூச்சில் மூன்று வேறு காரியங்களைச் செய்துவிட்டார்.

வீட்டில் பேசாத மொழி நிலைக்காது என்றது உலகம் எப்படி இயங்குகிறது என்பது பற்றிய ஒரு கூற்று. பெற்றோர் தமிழில் பேச வேண்டும் என்றது ஒரு நெறி. வெட்கமாக இல்லையா என்றது கண்டனம், கலைவாணியை நிறுத்திப் பதில் கேட்பது. தேக்காவில் கண்ட காட்சி இந்த மூன்றையும் ஒரே மாதிரி பாதிக்கவில்லை.

முதல் கூற்று சண்முகத்தின் நடத்தையை நம்பி நிற்கவில்லை. சிங்கப்பூரில் ஐந்து வயதுக்கு மேற்பட்ட குடியிருப்பாளர்களில் வீட்டில் தமிழையே அதிகம் பேசுவோர் 2010 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 3.3 விழுக்காடு, 2020இல் 2.5 விழுக்காடு. இந்தச் சரிவுக்கு என்ன காரணம் என்று வாதிடலாம், எண்ணை எப்படிப் படிக்க வேண்டும் என்றும் வாதிடலாம். ஆனால் சண்முகம் பேரனோடு என்ன மொழியில் பேசுகிறார் என்பதை வைத்து அந்த வாதத்தில் எதையும் நிறுவ முடியாது. அவர் பேசும் ஆங்கிலம் அவருடைய கூற்றுக்கே இன்னொரு சான்று என்றுகூடச் சொல்லலாம். ஊருக்கெல்லாம் சகுனம் சொல்லும் பல்லி கழுநீர்ப் பானையில் துள்ளி விழுமாம். விழுந்ததால் அது சொன்ன சகுனம் பொய்யாகிவிடாது.

இங்கே ஒரு விலக்கு உண்டு. ஒரு விஷயத்துக்குச் சொல்பவரின் வாய்வார்த்தையைத் தவிர வேறு ஆதாரமே இல்லை என்றால், அவர் நடத்தையும் ஆதாரமாகிவிடும். "இந்த மருந்து சர்க்கரையைக் குணப்படுத்தும்" என்று விற்பவர் தனக்குச் சர்க்கரை இருந்தும் அதைத் தொடுவதில்லை என்றால், அவருக்கே அதில் நம்பிக்கை இல்லை என்று சந்தேகிப்பது முறையே. அங்கே நாம் கேட்பது அவருடைய யோக்கியதையைப் பற்றி அல்ல, அவர் பேச்சின் நம்பகத்தன்மையைப் பற்றி. இரண்டும் வெளியே ஒரே மாதிரி ஒலிப்பதால்தான் குழப்பம் வருகிறது.

இரண்டாவதாகச் சொன்ன நெறியையும் அவர் தவறுதல் பொய்யாக்கிவிடாது. ஆனால் லேசாகக் கீறுகிறது. தமிழுக்காக மேடை போடுபவராலேயே வீட்டில் தமிழைக் காப்பாற்ற முடியவில்லை என்றால், அந்த நெறி நினைத்ததைவிடக் கடினமானது என்று தெரிகிறது. 1987இலிருந்து எல்லாப் பள்ளிகளிலும் ஆங்கிலமே பயிற்றுமொழி. அண்டைவீட்டுச் சீன, மலாய் நண்பர்களோடும் பிள்ளைகள் ஆங்கிலத்தில்தான் பேசுகிறார்கள். எனவே "வேண்டும்" என்ற சொல்லை "முடிந்தவரை வேண்டும்" என்று தளர்த்த அது ஒரு காரணமாகலாம்.

கலைவாணியின் கேள்வி நேராகப் போய் விழுவது மூன்றாவதில்தான். கண்டனம் என்பது தகவல் சொல்வது போன்றதல்ல. ஒருவரை நிறுத்தி "பதில் சொல்" என்று கேட்க ஓர் உரிமை வேண்டும். அந்த உரிமையைத்தான் பேச்சுத் தமிழில் யோக்கியதை என்கிறோம். சொன்னபடி நடக்காதவர் இழப்பது, இழந்தால், இதை மட்டும்தான்.

"இழந்தால்" என்று சொன்னதற்குக் காரணம், நெறி தவறியவர் எல்லாரும் பாசாங்குக்காரர் அல்லர். சண்முகத்தையே நான்கு விதமாகக் கற்பனை செய்து பார்க்கலாம்.

முதல் சண்முகம் முயன்று தோற்றவர். பேரன் பிறந்ததிலிருந்து தமிழில்தான் பேசினார். பாலர் பள்ளிக்குப் போனபின் பையன் தமிழில் கேட்டால் பதில் சொல்வதையே நிறுத்திவிட்டான். கிழவர் மெல்ல மெல்ல விட்டுக்கொடுத்தார், அது அவருக்கு உறுத்துகிறது. இரண்டாவது சண்முகம் தனக்கு விலக்கு கொடுத்துக்கொள்பவர். "நாங்க தமிழுக்கு எவ்வளவோ செஞ்சாச்சு, வீட்டுல கொஞ்சம் ஆங்கிலம் பேசினா என்ன?" என்பார். அதே ஆங்கிலம் கலைவாணி வாயில் வந்தால் துரோகம். மூன்றாவது சண்முகம் நடிகர். தன் வீட்டில் தமிழே ஒலிப்பதாகக் கூட்டத்தில் சொல்லிப் பேர் வாங்குபவர். நான்காவது சண்முகம் மனம் மாறியவர். மகனை ஆங்கிலத்தில் வளர்த்தது தவறு என்று இப்போது நினைத்து, பேரனிடமாவது மாற்ற வேண்டும் என்று போன மாதம்தான் தொடங்கியிருக்கிறார். பழக்கம் இன்னும் விடவில்லை.

நால்வரும் தேக்காவில் ஒரே மாதிரிதான் பேசினார்கள். வெளிச்செயலை வைத்துப் பிரிக்க முடியாது. பிரிப்பதற்கு எது உதவும் என்பதில்தான் அறிஞர்கள் வேறுபடுகிறார்கள்.

ஜே வாலஸ் 2010இல் எழுதிய கட்டுரையில் சமத்துவத்தை அளவுகோலாக வைக்கிறார். நம் எல்லாருக்கும் கண்டனத்திலிருந்து ஒரே அளவு பாதுகாப்பு உண்டு. பாசாங்குக்காரர் அடுத்தவரின் பாதுகாப்பை உரித்துவிட்டுத் தன்னுடையதை மட்டும் போர்த்திக்கொள்கிறார். அந்த ஏற்றத்தாழ்வுதான் கோளாறு. இந்த அளவுகோலில் இரண்டாவது சண்முகம் தெளிவாக மாட்டுகிறார். மூன்றாமவரும் மாட்டுகிறார். முதலாமவரும் நான்காமவரும் தங்களையும் அதே கண்டனத்துக்கு ஆளாக்கிக்கொள்வதால் தப்புகிறார்கள்.

பேட்ரிக் டாட் 2019இல் வேறொன்றைச் சொன்னார். சமமாகத் திட்டிக்கொள்வது போதாது, அந்த மதிப்பின் மேல் உண்மையான பிடிப்பு இருக்க வேண்டும் என்பது அவர் வாதம். "ஆமா, நானும் மோசம்தான், நீயும் மோசம்தான்" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டு எதையும் மாற்ற நினைக்காதவரை யோசித்துப் பாருங்கள். அவரிடம் ஏற்றத்தாழ்வு இல்லை. ஆனாலும் அவர் நம்மைக் கண்டிக்கும்போது ஏதோ இடிக்கிறது. அந்த இடிப்பை டாட்டின் அளவுகோல் பிடிக்கிறது, வாலஸின் அளவுகோல் விட்டுவிடுகிறது. எங்களுக்கு டாட்டின் வழியே மேலாகப் படுகிறது. அதை நடைமுறையில் சோதிக்கவும் எளிது: இவர் இந்த நெறிக்காகத் தன் பங்கில் எதையாவது செலவழித்திருக்கிறாரா என்று பார்த்தால் போதும்.

மெக்காலெஸ்டர் பெல் என்பவர் இந்த யோக்கியதைப் பேச்சையே ஏற்கவில்லை. பாசாங்கு ஒரு குறை, அதற்காக அவரைத் தனியாகக் கண்டியுங்கள், ஆனால் அதனால் அவருடைய கண்டனம் செல்லாததாகிவிடாது என்கிறார். கண்டனம் எச்சரிக்கவும் உணர்த்தவும் பயன்படுகிறது, அந்தப் பயன் சொல்பவரின் தூய்மையைச் சார்ந்ததில்லை என்பது அவர் காரணம். இதில் நியாயம் இருக்கிறது. ஆனால் எச்சரிப்பதும் உணர்த்துவதும் முதல் இரண்டு பகுதிகளின் வேலை. "வெட்கமா இல்லையா" இல்லாமலே அதைச் செய்ய முடியும்.

இதே பிளவு திருக்குறளிலும் இருக்கிறது. "தன்குற்றம் நீக்கிப் பிறர்குற்றம் காண்கிற்பின் என்குற்ற மாகும் இறைக்கு" (436) என்பது கடுமையான நிபந்தனை. முதலில் உன்னுடையதை நீக்கு, பிறகு அடுத்தவரைப் பார். ஆனால் அது ஆள்பவனுக்குச் சொன்னது, தண்டிக்கும் அதிகாரம் உள்ளவனுக்கு. புறங்கூறாமையில் எல்லாருக்குமாகச் சொல்லும்போது "ஏதிலார் குற்றம்போல் தங்குற்றங் காண்கிற்பின்" (190) என்கிறார். அங்கே நீக்கச் சொல்லவில்லை, அடுத்தவர் குற்றத்தைப் பார்ப்பது போலவே தன் குற்றத்தையும் பார் என்கிறார். இரண்டாவது குறளின்படி முதல் சண்முகத்துக்கும் நான்காவது சண்முகத்துக்கும் வாய் திறக்க இடமுண்டு. முதல் குறளை எல்லார்மேலும் வைத்தால், குறையில்லாதவர் கிடைக்கும்வரை யாரும் யாரையும் எதுவும் கேட்க முடியாது. வாதத்தில் தப்பிக்க நினைப்பவருக்கு அதைவிட வசதியான ஏற்பாடு கிடையாது.

மூன்றாவது சண்முகத்தை, அதாவது நடிப்பவரை, மக்கள் ஏன் இவ்வளவு வெறுக்கிறார்கள் என்று ஜில்லியன் ஜோர்டனும் சக ஆய்வாளர்களும் ஆராய்ந்து 2017இல் வெளியிட்டார்கள். அடுத்தவரைக் கண்டிப்பதே "நான் அப்படிச் செய்வதில்லை" என்று சொல்லாமல் சொல்வது என்பது அவர்கள் விளக்கம். "நான் செய்வதில்லை" என்று நேரடியாகப் பொய் சொன்னவரைவிட, கண்டித்துவிட்டுத் தானும் செய்தவர்மேல்தான் மக்களுக்குக் கோபம் அதிகம் இருந்தது. "இது தவறு, ஆனால் நானும் சில சமயம் செய்கிறேன்" என்று முன்கூட்டியே சொல்லிவிட்டவர்மேல் அந்தக் கூடுதல் கோபம் இல்லை. செயல் அதேதான். போட்ட வேடம்தான் கோபத்தைக் கூட்டுகிறது.

யோக்கியதை போகும் இன்னொரு வழியும் உண்டு, அதைப் பலர் கவனிப்பதில்லை. ஜெரால்டு கோஹன் 2006இல் எழுதியபோது இரண்டையும் பிரித்துக் காட்டினார். "நீயும் அதையே செய்தாய்" என்பது ஒன்று. "நான் இதைச் செய்ததில் உன் கையும் இருக்கிறது" என்பது மற்றது. கலைவாணியின் அம்மாவை எடுத்துக்கொள்ளுங்கள். தமிழில்தான் பேசுவார், பிழை சொல்ல முடியாது. ஆனால் கலைவாணி சிறுபிள்ளையாக இருந்தபோது, ஆங்கிலம் வந்தால்தான் வேலை கிடைக்கும் என்று அம்மாவும் அப்பாவும் முடிவெடுத்து, தமிழ் நிகழ்ச்சி எதற்கும் அனுப்பாமல், ஆங்கிலத்திலேயே பேசிப் பழகும்படி அவரை வளர்த்தார்கள். இன்று அதே அம்மா, "ஏண்டி, உன் மகளுக்குத் தமிழே வரல?" என்று கேட்டால், அவரைப் பாசாங்குக்காரர் என்று சொல்ல முடியாது. ஆனாலும் அந்தக் கேள்வியில் "நீ" என்று சொல்லும் இடத்தில் "நாம்" என்றுதான் சொல்லியிருக்க வேண்டும். எங்கள் கணிப்பில், குடும்பங்களுக்குள் எழும் "என்ன யோக்கியதை" சண்டைகள் பெரும்பாலும் இந்த இரண்டாம் வகைதான், முதல் வகை என்று நினைத்துச் சண்டை போடுகிறார்கள்.

இந்த யோக்கியதைக்கு எல்லையும் உண்டு. சண்முகம் கடன் வாங்கித் திருப்பிக் கொடுக்காதவர் என்று வைத்துக்கொள்வோம். "நீங்கதான் கடனையே கட்டலையே" என்று கலைவாணி பதில் சொன்னால், அது வெறும் ஆளைத் தாக்குவது. தமிழ் பற்றிக் கேட்கும் உரிமை அதனால் குறையாது. ஆங்கிலேயச் சட்ட மரபில் இதற்கு நல்ல முன்மாதிரி இருக்கிறது, சிங்கப்பூர் நீதிமன்றங்களும் அந்த மரபைப் பின்பற்றுகின்றன. தடையாணை போன்ற சில நிவாரணங்களைக் கேட்டு வருபவர் தூய கைகளோடு வர வேண்டும் என்பது விதி. 1787இல் டெரிங் என்பவர் தொடுத்த வழக்கில், அவருடைய தம்பிக்கு டெரிங் உட்பட மூன்று பேர் பிணை நின்றிருந்தார்கள். டெரிங் மட்டும் முழுத் தொகையையும் கட்ட நேர்ந்ததால், மற்றவர்களிடம் பங்கு கேட்டார். தம்பியைச் சூதாட்டத்தில் ஊக்கியவரே இவர்தான், இவருக்குக் கேட்க உரிமையில்லை என்றது எதிர்த்தரப்பு. நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. கையில் உள்ள அழுக்கு, கேட்கும் நிவாரணத்தோடு நேரடியாகவும் தவிர்க்க முடியாத வகையிலும் தொடர்புடையதாக இருக்க வேண்டும் என்றது. வாழ்க்கையில் எங்கோ அழுக்கு இருக்கிறது என்பது போதாது.

தடுப்பதற்கும் இந்த யோக்கியதை தேவையில்லை. மாடியில் ஒருவர் மனைவியை அடிக்கிறார், கீழ்வீட்டுக்காரர் ஒரு காலத்தில் அதே தவறைச் செய்தவர். அவர் காவல்துறையை அழைக்கலாம், கதவைத் தட்டலாம், அழைக்கத்தான் வேண்டும். அடிபடுபவரின் பாதுகாப்பு, அழைப்பவரின் பழைய கணக்கைப் பொறுத்து நிற்பதில்லை. அதேபோல, குப்பை போட்டவருக்கு அபராதம் விதிக்கும் அதிகாரி சிறுவயதில் தானும் குப்பை போட்டிருந்தால் அபராதம் செல்லாமல் போகாது. அவர் பதவியின் பேரில் பேசுகிறார், தன் பேரில் அல்ல.

தானும் தவறும் ஒரு விஷயத்தைப் பற்றி அடுத்தவரிடம் பேச வேண்டியிருந்தால் எப்படிப் பேசுவது? முதலில் மூன்றாம் பகுதியை எடுத்துவிட வேண்டும், அல்லது தன்மேலும் சேர்த்து வைக்க வேண்டும். தன் குறையைச் சொல்லும்போது "நானும் மனுஷன்தானே" என்று பொதுவாகச் சொல்லாமல், நடந்ததைக் குறிப்பாகச் சொல்ல வேண்டும். முதல் சண்முகம் இப்படிக் கேட்டிருக்கலாம்: "என் பேரன்கிட்ட நானே இப்போ இங்கிலீஷ்லதான் பேசுறேன்மா. ஸ்கூல் போனதுக்கப்புறம் தமிழ்ல கேட்டா பதிலே சொல்ல மாட்டேங்கிறான். உங்க வீட்டுல எப்படிம்மா சமாளிக்கிறீங்க?" இதில் கூற்றும் இருக்கிறது, நெறியும் உள்ளே இருக்கிறது. போனது கண்டனம் மட்டும்தான்.

இந்த வழியிலும் ஒன்று அடிக்கடி கெட்டுப்போகும். ஒப்புக்கொள்வதைச் சிலர் சுங்கம் கட்டுவது போலச் செய்கிறார்கள். "நான் ஒண்ணும் உத்தமன் இல்ல, ஆனா நீங்க செய்றது இருக்கே" என்று ஆரம்பித்து, பிறகு முன்பைவிடக் காட்டமாகத் திட்டுவார்கள். உண்மையா என்று கண்டுபிடிக்க ஒரு வழி, ஒப்புக்கொண்டபின் அவர் குரல் தணிகிறதா என்று கவனிப்பது. இன்னொன்று, அதே விஷயத்தை நீங்கள் அவர்மேல் திருப்பிச் சொல்லிப் பார்ப்பது. பதில் சொல்கிறாரா, முகம் சுளிக்கிறாரா என்பதிலேயே அது வாலஸ் சொன்ன சமத்துவமா வெறும் முன்னுரையா என்பது தெரிந்துவிடும்.

குறை சொல்லப்பட்டவருக்கும் ஒரு வேலை இருக்கிறது. "நீங்க மட்டும்?" என்று கேட்டு ஒட்டுமொத்தத்தையும் தூக்கி எறிவது சுலபம், அதனால்தான் அது கெட்ட பழக்கமாகிவிடுகிறது. கண்டனத்தை மட்டும் திருப்பிக் கொடுத்துவிட்டு மற்ற இரண்டையும் கையில் வைத்துக்கொள்ளலாம். கலைவாணி தேக்காவில் இப்படிச் சொல்லியிருக்கலாம்: "அங்கிள், அன்னைக்கு அத்தனை பேர் முன்னாடி வெட்கமா இல்லையான்னு கேட்டீங்க. அதை மட்டும் நீங்க என்கிட்ட கேட்டிருக்கக் கூடாது. மத்தபடி வீட்டுல பேசணும்னு சொன்னீங்களே, அதைப் பத்திப் பேசலாம். காலையில பஸ்ஸுல போறப்போ மகள்கிட்ட தமிழ்லதான் பேசுறேன், ராத்திரி வீட்டுப்பாடம்னு உட்கார்ந்தா இங்கிலீஷ் வந்துடுது. உங்க பேரன்கிட்ட எந்த நேரத்துல முயற்சி பண்ணிப் பார்த்தீங்க?"